ஆளுநர் மேசையில் ஒரு மீன்வள மசோதா

பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் இடையே உள்ள ஓர் அரசுப் பள்ளியிலிருந்து சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். மசோதா சட்டமாகும் பாடத்தை நடத்தி முடித்ததும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை அப்படியே ஒரு தாளில் எழுதி இணைத்திருந்தார். "நீங்கள் ஒரு கட்டுரை எழுதினால் அதை வகுப்பில் வாசித்துக் காட்டிவிடுவேன். நான் சொன்னால் பாடம் என்று கொட்டாவி விடுகிறார்கள்" என்பது அவர் கோரிக்கை. கேள்விகளில் இரண்டு என்னை விடவில்லை. ஒன்று: "கவர்னர் கையெழுத்தே போடலன்னா என்ன ஆகும் சார்?" மற்றொன்று: "எங்கப்பா படகை மடக்குற மூணு மைல் சட்டத்துக்கு யார் ஓட்டுப் போட்டாங்க?" இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன். இனி நேராகப் பிள்ளைகளிடமே பேசுகிறேன். ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு என்று உங்கள் புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. புத்தகம் சொல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு மசோதாவைப் பேரவையில் பிரிவு பிரிவாக எடுத்து வாக்குக்கு விடும்போது முதல் பிரிவை முதலில் எடுப்பதில்லை. இரண்டாம் பிரிவில் தொடங்கிக் கடைசிப் பிரிவு வரை போய்விட்டு, அதன் பிறகே முதல் பிரிவுக்குத் திரும்பி வருவார்கள். சட்டத்தின் பெயர் என்ன, எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதெல்லாம் அந்த முதல் பிரிவில்தான் இருக்கும். உள்ளே இருப்பவை திருத்தத்தில் மாறிவிட்டால் பெயரும் தேதியும்கூட மாற வேண்டி வரலாம். அதனால்தான் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1986 நவம்பரிலிருந்து மேலவை கிடையாது. பேரவையில் 'ஆம்' என்ற குரல் ஓங்கி, மசோதா நிறைவேறியது என்று பேரவைத் தலைவர் அறிவித்துவிட்டால் சபையின் வேலை முடிந்தது. ராமநாதபுரம், பரமக்குடி, திருவாடானை, முதுகுளத்தூர் என்று உங்கள் மாவட்டத்தின் நான்கு உறுப்பினர்களும் சேர்த்து 234 பேரின் வேலையும் அதோடு சரி. மறுநாள் பத்திரிகையில் "புதிய சட்டம் நிறைவேறியது" என்று தலைப்பு வரும். அது தவறு. நிறைவேறியது மசோதாதான். அது சட்டமாக இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கிறது.

அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசுவது அரசமைப்புச் சட்டத்தின் 200ஆவது பிரிவு. மசோதா தன் முன் வைக்கப்பட்டதும் ஆளுநர் மூன்றில் ஒன்றை அறிவிக்க வேண்டும் என்கிறது அது. ஒப்புதல் தருகிறேன் என்று சொல்லலாம். ஒப்புதலை நிறுத்திவைக்கிறேன் என்று சொல்லலாம். குடியரசுத் தலைவரின் முடிவுக்கு அனுப்பிவைக்கிறேன் என்றும் சொல்லலாம். இதோடு ஒரு துணை வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பண மசோதாவாக இல்லாவிட்டால், "இதை மறுபடி யோசியுங்கள்" என்று குறிப்பு எழுதிப் பேரவைக்கே ஆளுநர் திருப்பி அனுப்பலாம். பேரவை திருத்தத்தோடோ திருத்தமில்லாமலோ அதை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால், அதன் பிறகு ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது.

என் சித்தப்பா ராமேஸ்வரத்தில் விசைப்படகு வைத்திருந்தார். ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, ஆட்களும் வந்து உட்கார்ந்த பிறகும் மீன்துறை டோக்கன் கிடைக்காமல் படகு கடலுக்குப் போகாது. காற்று பலமாக இருந்தால் இன்று டோக்கன் இல்லை என்பார்கள். தாள் சரியில்லை என்றால் அதைக் கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்பார்கள். சில நேரம் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். மூன்றையும் சித்தப்பா ஒப்புக்கொள்வார். கவுன்ட்டரில் இருக்கிற ஆள் பதிலே சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டால்தான் அவருக்குக் கோபம் வரும், ஏனென்றால் உருகுகிற ஐஸ் அவருடையது. 200ஆவது பிரிவில் உள்ள வம்பும் இதுதான். சொல்லக்கூடிய பதில்கள் என்னென்ன என்று அது எழுதியிருக்கிறது. எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. திருப்பி அனுப்புவதானால் "கூடிய விரைவில்" அனுப்ப வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

இது எழுதியவர்களின் கவனக்குறைவு அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் முதல் வரைவில், நாடாளுமன்ற மசோதாவைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்புவதற்கு ஆறு வாரம் என்று கெடு போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு "கூடிய விரைவில்" என்று மாற்றியவர் அம்பேத்கர். ஆறு வாரம் என்று எழுதினால் நாற்பத்தோராம் நாள் வரை ஆற அமர இருக்கலாம் என்றாகிவிடும். கூடிய விரைவில் என்றால் நாளைக்கே செய்ய வேண்டும் என்று பொருளாகும். நல்ல மனிதர்களை நம்பி எழுதிய வாசகம் இது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கியது என்பதை உங்கள் கடலோடு சம்பந்தப்பட்ட ஒரு மசோதாவை வைத்தே பார்த்துவிடலாம்.

நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. 2012இல் தொடங்கியது. உங்களில் மீன்வளம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் எட்டிப்பிடிக்க வேண்டிய இடம் அது. அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டத்தைத் திருத்த 2020இல் ஒரு மசோதாவும் 2023இல் இன்னொரு மசோதாவும் பேரவையில் நிறைவேறின. முதலாவது அ.தி.மு.க. ஆட்சியில், அடுத்தது தி.மு.க. ஆட்சியில். இரண்டு ஆட்சிகள், இரண்டு மசோதாக்கள், இரண்டும் கிண்டி ராஜ்பவனில் ஒரே அடுக்கில் போய்ச் சேர்ந்தன. 2020 ஜனவரிக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே இப்படிப் போய்ச் சேர்ந்தவை 12. அவற்றில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. சென்னைப் பல்கலைக்கழகம், வேளாண் பல்கலைக்கழகம், கால்நடைப் பல்கலைக்கழகம், தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று பட்டியல் நீளும்.

இவற்றில் பலவற்றின் சாரம் ஒன்றே. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் அதுவரை வேந்தரிடம் இருந்தது. வேந்தர் யார்? ஆளுநர்தான். அதை மாநில அரசுக்கு மாற்று என்றன மசோதாக்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒருவரிடம் உள்ள அதிகாரத்தை எடுக்கும் தாள் கையெழுத்துக்காக அவரிடமே போகிறது. உலகத்தில் எந்த அலுவலகத்திலாவது இப்படி ஓர் ஏற்பாடு உண்டா என்று யோசித்துப் பாருங்கள். அரசமைப்புச் சட்டத்தின் பார்வையில் கையெழுத்திடும் ஆளுநர் வேறு, பல்கலைக்கழக வேந்தர் வேறு. ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதங்கள் ஓடின. 2023 அக்டோபர் 31 அன்று மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பர் 13 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி பத்து மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைப்பதாகத் திருப்பி அனுப்பினார். காரணம் எதுவும் எழுதவில்லை. ஐந்தே நாளில், 18ஆம் தேதி, பேரவையின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி, பத்தையும் எழுத்து மாறாமல் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். இரண்டாம் முறை வந்தால் நிறுத்திவைக்கக் கூடாது என்று சற்று முன் பார்த்தோமே, அந்த இடம் இது. 28ஆம் தேதி அந்தப் பத்தையும் ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். நிறுத்திவைக்கவில்லை, மேலே அனுப்பியிருக்கிறேன் என்பது அவர் தரப்பு.

டெல்லிக்குப் போனால் என்ன மோசம் என்று கேட்பீர்கள். ஜல்லிக்கட்டுச் சட்டம் டெல்லிக்குப் போய்த்தான் வந்தது. 2017 ஜனவரி 23 அன்று பேரவையில் நிறைவேறிய மசோதாவுக்கு 31ஆம் தேதி குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியின் ஒப்புதல் கிடைத்துவிட்டது. மிருகவதைத் தடுப்பு பற்றி மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடலாம். அது பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய சட்டத்தோடு மோதுகிற மாநிலச் சட்டம் நிலைக்க வேண்டுமானால் குடியரசுத் தலைவர் ஒப்ப வேண்டும். ஆகவே அங்கே போனது முறையான பாதைதான். மெரினாவில் கூட்டம் நின்றதால் வேகமும் சேர்ந்தது.

அதே பாதையில் போன நீட் விலக்கு மசோதாவுக்கு வேறு கதி. 2021 செப்டம்பரில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8 அன்று பேரவை மறுபடி நிறைவேற்றியது. பிறகு டெல்லிக்குப் போனது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். ஆளுநரை இரண்டாம் முறை கட்டிப்போடும் வாசகம் குடியரசுத் தலைவருக்குக் கிடையாது. பேரவை எத்தனை முறை நிறைவேற்றி அனுப்பினாலும் அவர் ஒப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. இதனால்தான் மசோதாவை டெல்லிக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற ஒரு வரி முடிவுக்கு இத்தனை கனம்.

மீன்வள மசோதாவுக்கு வருவோம். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் தீர்ப்புச் சொன்னார்கள். மறுபடி நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் மேலே அனுப்பியது செல்லாது. அவை 2023 நவம்பர் 18 அன்று, அதாவது இரண்டாம் முறையாக ஆளுநர் முன் வந்த அன்றே, ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றார்கள். ஆளுநர்களுக்கு ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடுவும் போட்டார்கள். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, பத்து சட்டங்களும் தமிழ்நாடு அரசிதழில் வெளிவந்தன. வழக்கமாக ஒரு சட்டத்தின் தலைப்பில் "ஆளுநரின் ஒப்புதலை இன்ன நாளில் பெற்றது" என்று ஒரு வரி இருக்கும். இந்தப் பத்தில் அந்த இடத்தில் நீதிமன்றத் தீர்ப்பு உட்கார்ந்திருந்தது. சட்டத்தின் பிறந்தநாள் என்று குறித்த தேதியில் யாரும் எதிலும் கையெழுத்திடவில்லை. பேரவையில் முதலில் நிறைவேறியபோது எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை, 2020 மசோதா அரசிதழில் வந்தபோது கல்லூரியில் இருந்திருப்பாள்.

இதோடு முடிந்திருந்தால் உங்கள் ஆசிரியருக்கு வேலை சுலபம். மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம், துணைவேந்தர் நியமனத்தை அரசுக்கு மாற்றும் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, அந்தப் பிரிவுகள் மட்டும் தூங்கப்போயின என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதமே குடியரசுத் தலைவர், நீதிமன்றம் இப்படிக் கெடு போடலாமா என்று உச்ச நீதிமன்றத்திடமே கருத்துக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது. அரசமைப்புச் சட்டத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் எழுதிச் சேர்க்க முடியாது. கையெழுத்திட்டதாகக் கருதுவது என்ற ஏற்பாடும் கூடாது. அதே மூச்சில், ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைத்தால் மசோதாவைப் பேரவைக்குத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும், கையிலேயே வைத்துக்கொண்டு சாகடிக்க முடியாது என்றும் சொன்னது. காரணம் சொல்லாமல் நெடுங்காலம் இழுத்தால், முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். என்ன முடிவு என்று சொல்ல முடியாது. இது கேட்ட கேள்விக்குச் சொன்ன கருத்து. ஏப்ரல் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு அல்ல.

ஆகவே "கையெழுத்தே போடலன்னா?" என்று கேட்ட பிள்ளைக்கு இன்றைய பதில் இது: சும்மா இருப்பது ஆளுநருக்குக் கொடுத்த வழிகளில் ஒன்றல்ல. ஆனால் சும்மா இருந்தால் மசோதா தானாகச் சட்டமாகிவிடாது. நீதிமன்றத்துக்குப் போய், முடிவெடுக்கச் சொல்லி ஓர் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. 'கூடிய விரைவில்' என்பதை 'கெடு இல்லை' என்று படித்தவர்கள் அதை எழுதியவர்களுக்கு நியாயம் செய்யவில்லை. ஆனால் கெடுவை நீதிபதிகள் எழுதுவதைவிட நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து எழுதுவதுதான் ஒழுங்கு என்று சொல்கிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாட நல்ல பொருள். தேர்தல் பட்டிமன்றமாக மாறாமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி மூன்று மைல். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டின் சட்டம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் விஷயம். அதைத் தாண்டினால் மத்திய அரசின் விஷயம். நாட்டுப்படகுக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் கரையோரத்தில் மோதிக்கொண்ட காலத்தில் வந்த சட்டம் அது. அந்தச் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவு வரை படித்தால் உங்களுக்கு ஏமாற்றம்தான். மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற வரி அதில் இருக்காது. எந்தப் பகுதியில், எந்த வகைப் படகு, எந்த நேரத்தில், எந்த வலையோடு போகலாம் என்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மட்டும் அந்தச் சட்டம் அரசுக்குக் கொடுக்கிறது. அந்த அதிகாரத்தை வைத்து அதே ஆண்டில் அரசு வகுத்த விதிகளில்தான் மூன்று மைல் வந்தது. விசைப்படகு காலை ஐந்து மணிக்குப் பிறகே புறப்பட வேண்டும், இரவு ஒன்பதுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதும் அந்த விதிகளில் இருந்ததுதான்.

சட்டம் எலும்பு என்றால் விதிகள் சதை என்று என்னைப் போன்றவர்கள் மேடையில் பேசிவிட்டுப் போய்விடுவோம். விஷயம் அவ்வளவு சாதுவானதல்ல. மசோதாவுக்கு உள்ள மூன்று வாசிப்பு விதிக்குக் கிடையாது. பிரிவு பிரிவாக வாக்கு கிடையாது. ஆளுநர் திருப்பி அனுப்புவதும் கிடையாது. துறையில் எழுதி, சட்டத்துறை பார்த்து, அரசாணையாகி, அரசிதழில் வந்துவிட்டால் உங்கள் அப்பாவின் படகைப் பிடிக்க அது போதும். விதிகளைப் பேரவையின் மேசையில் வைக்க வேண்டும் என்று சட்டங்கள் சொல்லும். உறுப்பினர்கள் விரும்பினால் மாற்றச் சொல்லலாம். மேசையில் வைத்த தாளை எடுத்துப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கிற உறுப்பினர் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி. மசோதாவுக்கு நான்கு மணி நேரம் வெளிநடப்புச் செய்கிற கட்சிகள் விதிக்கு நான்கு நிமிடம் செலவழித்தால் எவ்வளவோ நல்லது.

எனவே, தம்பி, மூன்று மைலுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. விதி வகுக்கும் அதிகாரத்துக்குத்தான் பேரவை ஓட்டுப் போட்டது. அந்த எண் கூட வேண்டும் என்று நாட்டுப்படகுக்காரர்களோ குறைய வேண்டும் என்று விசைப்படகுக்காரர்களோ நினைத்தால் புது மசோதாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மனு போக வேண்டிய முகவரி சென்னையில் மீன்வளத் துறைச் செயலாளர். மனுவில் சட்டத்தின் பெயரோடு விதியின் எண்ணையும் எழுதச் சொல். அந்த எண் தெரிய வேண்டுமானால் விதிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். மாவட்ட மீன்துறை அலுவலகத்தில் கேட்டால் காட்ட வேண்டும். காட்ட மறுத்தால் பத்து ரூபாய்க்குத் தகவல் உரிமை மனு போடலாம். முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் கெடு எழுதியே இருக்கிறது.